வாடிக்கையாளர் பேசும் வீடியோ: பதிலை எழுதாதீர்கள், கேள்வியை எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரைப் பேசவைத்து வீடியோ எடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். கடைக்காரரே எட்டு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வாடிக்கையாளர் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கண்ணை மேலே உருட்டி, "இவர்களுடைய சேவை மிகவும் தரமானது, அனைவரும் பயன்படுத்திப் பாருங்கள்" என்று ஒப்பிப்பார். பார்க்கிறவருக்கு மூன்றாவது நொடியிலேயே தெரிந்துவிடும், இது எழுதிக்கொடுத்த பேச்சு என்று. வீட்டில் யாரும் "பயன்படுத்திப் பாருங்கள்" என்று பேசுவதில்லை.

இதற்கு மாற்று, எதையுமே எழுதாமல் கேமராவை நீட்டுவது அல்ல. அப்படிச் செய்தால் "நல்லா இருந்துச்சு, சூப்பர்" என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். எழுத்து வேலை உண்டு, ஆனால் அது இரண்டு இடத்தில் வருகிறது: பேட்டிக்கு முன்னால் கேள்விகளை எழுதுவது, பேட்டிக்குப் பின்னால் அவர் பேசியதிலிருந்தே ஸ்கிரிப்டைக் கோப்பது. நடுவில் இருக்கும் பதில் அவருடையது.

எல்லாப் படிகளையும் ஒரே எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் ஒரு அக்கா. மற்ற மாதங்களில் விசேஷங்களுக்கு ப்ரியாணி, புரட்டாசியில் மட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சைவ மதிய டப்பா. ஒரு நிமிட வீடியோ வேண்டும், அடுத்த புரட்டாசிக்கு ஆர்டர் பிடிக்க.

## 1. ஒரே ஒரு தயக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வித்தாள் எழுத உட்காரும் முன் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, விலை கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்காமல் போனவர்களின் செய்திகளைப் படியுங்கள். அவர்கள் கடைசியாக என்ன கேட்டார்கள்? நம் கேட்டரிங் அக்காவுக்கு வந்ததில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சந்தேகம்: "மட்டன் சமைக்கிற பாத்திரத்திலேயேவா இதுவும்?" விலையைப் பற்றியோ ருசியைப் பற்றியோ அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

அதுதான் இந்த வீடியோவின் பொருள். ஒரு நிமிடத்தில் ஒரு தயக்கத்தைத்தான் தீர்க்க முடியும். பாத்திரம், விலை, டெலிவரி, ருசி என்று நான்கையும் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. மற்றவற்றுக்கு வேறு வாடிக்கையாளரோடு வேறு வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

## 2. அந்தத் தயக்கம் இருந்தவரைத் தேடுங்கள்

உங்களை அதிகம் புகழ்கிறவர் சரியான ஆள் அல்ல. சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர், கடன் வைத்திருப்பவர் எல்லாம் வேண்டாம். முதலில் சந்தேகப்பட்டு, பிறகு தொடர்ந்து வாங்குகிற ஒருவர் வேண்டும். மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் ஒத்துக்கொள்வார்.

நம் எடுத்துக்காட்டில் அவர், அக்காவிடம் டப்பா வாங்கும் ஒரு ஆன்ட்டி. தேர்ந்த பிறகு பத்து நிமிடம் போனில் பேசுங்கள். இந்த அழைப்பின் நோக்கம் பதிலை வாங்குவது அல்ல, கதை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பது. அவர் "அந்த அலமாரிய பாத்தேன்ல..." என்று ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்: "ஆன்ட்டி, அத அன்னைக்குச் சொல்லுங்க, இப்ப வேணாம்." ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் இரண்டாம் முறை சுருங்கிப்போகும். "அதான் சொன்னேனே" என்று வேறு வரும். அலமாரி, சனிக்கிழமை, மாமியார் என்று மூன்று சொல்லைக் குறித்துக்கொண்டால் போதும்.

மொழி எது என்பதையும் இந்த அழைப்பிலேயே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டாரோடு அவர் எந்த மொழியில் பேசுவாரோ அதுதான் வீடியோவின் மொழி. டர்பனில் பலருக்கு அது ஆங்கிலம், நடுநடுவே தமிழ்ச்சொல். அப்படியானால் அப்படியே எடுங்கள். தமிழில் பேசினால் கௌரவம் என்று வற்புறுத்தினால் மறுபடியும் ஒப்பிப்புதான். தமிழில் பேசுகிறவர் "பாட்", "லன்ச்", "ஆஃபீஸ்" என்று கலந்து பேசினால் திருத்தவும் வேண்டாம்.

## 3. ஒப்புதல் தாளைக் கேமராவுக்கு முன் முடியுங்கள்

ஒருவரின் முகமும் குரலும் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி தனிப்பட்ட தகவல். போப்பியா என்று எல்லோரும் சொல்லும் சட்டம், 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், 2021 ஜூலை 1 முதல் சின்னத் தொழில்களையும் கட்டுப்படுத்துகிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மத நம்பிக்கை பற்றிய தகவலை அந்தச் சட்டம் தனி வகையாக, கூடுதல் பாதுகாப்போடு வைத்திருக்கிறது. "நாங்க புரட்டாசி விரதம்" என்று ஆன்ட்டி சொல்லும் வரி அந்த வகைக்குள் வந்துவிடும். வாய்வார்த்தையில் "சரி, எடுங்க" என்று சொன்னது பின்னால் கைகொடுக்காது, எழுத்தில் வாங்குங்கள். அரைப்பக்கம் போதும்:

- எந்தக் கடைக்காக, எந்த விஷயம் பற்றிப் பேசுகிறேன் (விரதம் பற்றிப் பேசுவதும் இதில் அடக்கம்)
- எங்கே போடப்படும்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், கடைத் திரை என்று பெயர் பெயராக
- எத்தனை காலம்
- வெட்டிச் சுருக்குவார்கள், பொருளை மாற்ற மாட்டார்கள், போடும் முன் எனக்குக் காட்டுவார்கள்
- எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், யாரிடம் சொல்ல வேண்டும்
- பணமோ பரிசோ வாங்கினேனா, வாங்கினால் என்ன
- பெயர், கையெழுத்து, தேதி

அவர் எந்த மொழியை வாசிப்பாரோ அந்த மொழியில் தாள் இருக்க வேண்டும். கால அளவில் ஒரு பொறி இருக்கிறது. நம் வீடியோ இந்த அக்டோபரில் எடுக்கப்பட்டு அடுத்த ஆகஸ்டில்தான் வெளியே வரும். "ஆறு மாதம்" என்று எழுதி வாங்கினால், போடும் நாளுக்கு முன்பே ஒப்புதல் காலாவதியாகிவிடும். பதினெட்டு மாதம் என்று எழுதுங்கள்.

பரிசு தருவதாக இருந்தால் அதை வீடியோவிலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள்: "இவருக்கு ஒரு வார டப்பா இலவசமாகத் தரப்பட்டது." மறைத்துவிட்டு விளம்பரம் செய்வது நுகர்வோரை ஏமாற்றுவதில் சேரும். பின்னால் தெரிந்தால் சட்டத்துக்கு முன் ஊர் கேட்கும். பரிசே கொடுக்காமல், வந்துபோகும் செலவை மட்டும் கொடுப்பது இன்னும் சுலபம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பேசினாலோ சட்டகத்துக்குள் தெரிந்தாலோ பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். பேரப்பிள்ளை பின்னால் ஓடிய காட்சியை வெட்டிவிடுவது அதைவிடச் சுலபம்.

## 4. கேள்வித்தாள்: ஓரத்துக் கேள்வி ஒன்று, உண்மைக் கேள்வி ஏழு

இந்தப் படிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் எப்படிக் கேட்கக் கூடாது என்பது.

தமிழில் "ஆ" என்று முடியும் கேள்விக்கு "ஆமா" என்று முடியும் பதில்தான் வரும். "சாப்பாடு சூடா வந்துச்சா?" "ஆமா." "பாத்திரம் தனியா வெச்சிருந்தாங்களா?" "ஆமா ஆமா." பத்துக் கேள்வி கேட்டும் கையில் பத்து "ஆமா" மட்டும் மிஞ்சும். "எப்படி இருந்துச்சு?" என்பதும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. "நல்லா இருந்துச்சு" என்று வாசலிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு சங்கடம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும். "போனேன், பாத்தேன், சொல்லிட்டு வந்துட்டேன்" என்றால் எதிரே இருப்பவருக்குப் புரியும். வீடியோவில் கேட்டவர் குரலை வெட்டிவிட்ட பிறகு, எங்கே போனார், எதைப் பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கேள்வி "சொல்லுங்க" என்று முடிய வேண்டும், இடத்தையோ நாளையோ கையில் கொடுக்க வேண்டும். கேட்டரிங் அக்காவுக்கான தாள் இப்படி இருக்கும்:

ஓரத்துக் கேள்வி. "காலையில என்ன சமைச்சீங்க ஆன்ட்டி?" இது ஒலியைச் சரிபார்க்கவும் நாக்கு தளரவும். வீடியோவில் வராது.

கேள்வி 1. "உங்க வீட்ல யார் யார் புரட்டாசி விரதம், என்ன வேலைக்குப் போறீங்க, கொஞ்சம் சொல்லுங்க."

கேள்வி 2. "இந்த டப்பா வாங்குறதுக்கு முன்னாடி, புரட்டாசில ஒரு வேலை நாள் எப்படிப் போகும்? எழுந்த நேரத்துலேருந்து சொல்லுங்க." நேரத்தில் ஆரம்பிக்கச் சொன்னால் பொதுப்பேச்சு வராது. நாலரை மணி, ஆறு மணி என்று எண்கள் தாமாக வரும்.

கேள்வி 3. "முதல் தடவை ஆர்டர் கொடுக்கப் போறப்ப மனசுல என்ன உறுத்துச்சு?" "ஏதாவது உறுத்துச்சா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றுவிடுவார்.

கேள்வி 4. "அந்த உறுத்தல் போன நாள் எது? அன்னைக்கு எங்க போனீங்க, என்ன பாத்தீங்க, அப்படியே சொல்லுங்க."

கேள்வி 5. "போன வாரத்துல ஏதாவது ஒரு நாளை எடுத்துக்குங்க. டப்பாவைத் திறந்ததும் என்னென்ன இருந்துச்சு?"

கேள்வி 6. "இவங்க எத மாத்தினா இன்னும் நல்லா இருக்கும்?" தொழில்காரர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள். சின்னக் குறை ஒன்றை வாய்விட்டுச் சொன்னவர் மற்றதைச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது. வரும் குறை பெரியதாக இருந்தால் அதை வீடியோவில் போட வேண்டியதில்லை. சரிசெய்யத் தெரிந்துகொண்டதே லாபம்.

கேள்வி 7. "உங்க தங்கச்சி போன் பண்ணி, இவங்ககிட்ட வாங்கலாமான்னு கேட்டா? தங்கச்சிகிட்ட பேசுற மாதிரியே சொல்லுங்க." "மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்" என்று கேட்டால் மேடைப்பேச்சு வரும். தங்கச்சி என்றதும் குரலே மாறிவிடும்.

இந்தத் தாளை வாடிக்கையாளருக்கு முன்கூட்டி அனுப்பாதீர்கள். அவர் கேட்டால், "நீங்க எப்படி வாங்க ஆரம்பிச்சீங்கன்னு பேசப்போறோம்" என்று தலைப்பை மட்டும் சொல்லுங்கள். கேள்வி கையில் கிடைத்தால் மகளோ மருமகனோ உட்கார்ந்து பதில் எழுதிக்கொடுத்துவிடுவார்கள்.

## 5. நாளும் இடமும்

புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. கடைசி வாரத்தில் எடுங்கள். அப்போதுதான் நாலரை மணிக்கு எழுந்த அலுப்பும் டப்பாவின் சூடும் நினைவில் பச்சையாக இருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டால் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.

வாடிக்கையாளர் வீட்டிலேயே, தெற்கு பார்த்த ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள். நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் சூரியன் நண்பகலில் வடக்குப் பக்கம் நிற்கும். தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாமல் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். அவர் முகம் ஜன்னலை நோக்கி, சற்றுச் சாய்வாக இருக்கட்டும். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் இருண்டுவிடும்.

வெளிச்சத்தைவிட ஒலி முக்கியம். டைல்ஸ் போட்ட வெறுந்தரைக் கூடத்தில் குரல் எதிரொலிக்கும். துணி சோஃபா, திரைச்சீலை, கம்பளம் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரிட்ஜை அரைமணி நேரம் அணைத்துவைத்து, உங்கள் கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வையுங்கள். போகும்போது மறக்காமல் திரும்பப் போடுவீர்கள். மாலையில் ஹடீடா பறவைகள் கத்த ஆரம்பித்தால் ஒரு வாக்கியம் கூடத் தப்பாது, அதனால் காலை பத்து மணிவாக்கில் வையுங்கள். சட்டையில் குத்தும் கம்பி மைக் சில நூறு ராண்டுக்குள் கிடைக்கும். இந்த வேலைக்கு அது ஒன்றுதான் வாங்கியே ஆக வேண்டிய பொருள். வாங்க முடியாவிட்டால் இரண்டாவது போனில் குரல்பதிவை ஓடவிட்டு, சட்டகத்துக்கு வெளியே, அவர் மடிக்கருகே வையுங்கள்.

போனில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில் எடுத்தால் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேமில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஐபோனில் Settings > Camera > Record Video என்ற இடத்தில் Show PAL Formats என்பதைத் திறந்தால் 25 தெரியும்.

## 6. பேட்டி எடுக்கும்போது

கடைக்காரர் கேள்வி கேட்கக் கூடாது, அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. முகத்துக்கு நேரே யாரும் "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். தங்கை மகள், தோழி, யாராவது இதமாகப் பேசத் தெரிந்தவரை அனுப்புங்கள். அவர் லென்ஸை ஒட்டி, ஆன்ட்டியின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். ஆன்ட்டி கேமராவைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசுவார்.

கேட்கிறவருக்குக் கஷ்டமான விதி ஒன்று உண்டு: ம் கொட்டக் கூடாது. நம்மில் கதை கேட்கும்போது ம் கொட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஆனால் அந்த "ம்ம்", "ஓ", "அப்படியா" எல்லாம் பேசுகிறவர் குரல் மேலேயே பதிந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. தலையசைத்து, கண்ணால் கேளுங்கள். முன்கூட்டியே ஆன்ட்டியிடமும் சொல்லிவிடுங்கள், "நான் சத்தம் போடாம இருந்தா கோவிச்சுக்காதீங்க, மைக்குக்காக."

பதில் முடிந்தது என்று தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் நான்கு எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் நல்ல வரி வரும். முதல் பதில் தயாரித்த பதிலாக இருக்கும், நான்கு நொடிக்குப் பிறகு வருவது நினைவிலிருந்து வரும்.

"அத பாத்தேன்" என்று பெயர் இல்லாமல் சொன்னால், "எத ஆன்ட்டி?" என்று ஒருமுறை கேளுங்கள். "அந்த அலமாரிய பாத்தேன்" என்று முழுதாக வரும். அதற்கு மேல் "முழு வாக்கியமா சொல்லுங்க" என்று பள்ளிக்கூடம் நடத்தினால் இயல்பு போய்விடும். தடுமாறினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல், பத்து நிமிடம் கழித்து வேறு வாசல் வழியாக வாருங்கள்: "அந்த சனிக்கிழமை அங்க போய் இறங்கினதும் என்ன நடந்துச்சு?" எந்த நிலையிலும் "இப்படிச் சொல்லுங்க" என்று வரியை வாயில் ஊட்டாதீர்கள். ஊட்டிய வரி மட்டும் வேறு சுருதியில் ஒலிக்கும்.

ஏழு கேள்விக்கும் 12 முதல் 15 நிமிடப் பேச்சு வரும். அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தால் முகத்தில் களைப்பு தெரியும்.

## 7. பேச்சிலிருந்து ஸ்கிரிப்ட்

இப்போதுதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள், கத்தரிக்கோலால். முழுப் பேச்சையும் பேசியபடியே, நிமிடக் குறிப்போடு தாளில் எழுதுங்கள். 14 நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எரிச்சலான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்து நேராக எடிட்டிங்கில் உட்கார்ந்தவர்கள் மூன்று மடங்கு நேரம் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி 3, 4-க்கு வந்த பதில் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

"அது வந்து... நீங்க மத்த மாசத்துல மட்டன் ப்ரியாணி போடுறீங்க, அதே பாட்லதானே தாலும் வேகும்னு அக்காகிட்ட நேராவே கேட்டேன். எனக்கு அதுதான். அக்கா கோவிச்சுக்கல. வந்து பாருன்னாங்க. சனிக்கிழமை போனேன், பார்க்கிங்ல ஒரு ஆள் வேற... அது வேற கதை. பின்னாடி ஒரு அலமாரி. அதுல பச்சை பெயிண்ட் அடிச்ச பாட் ஆறு. புரட்டாசிக்கு மட்டும்தான் வெளிய வருமாம். கரண்டிகூட தனி. என் மாமியார் அப்படித்தான் வெச்சிருப்பாங்க. அந்த அலமாரிய பாத்ததும், சரி, அன்னைக்கே சொல்லிட்டு வந்துட்டேன்."

இதில் பொன் எது? பச்சை பெயிண்ட் அடித்த ஆறு பாத்திரம். எந்த விளம்பரக்காரரும் இதை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க மாட்டார். பார்க்கிங் கதை போகட்டும். ஒரு நிமிடத்துக்குக் கோத்தால் இப்படி வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தக் கேள்வியின் பதில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

> (கே. 3) நீங்க மத்த மாசத்துல மட்டன் ப்ரியாணி போடுறீங்க, அதே பாட்லதானே தாலும் வேகும்னு அக்காகிட்ட நேராவே கேட்டேன்.
>
> (கே. 1) நாங்க வீட்ல நாலு பேரும் புரட்டாசி மாசம் முழுக்க விரதம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம்.
>
> (கே. 2) நாலரைக்கு எழுந்து, தால், கறி, சாதம் முடிச்சு, ஆறு மணிக்கு டாக்ஸி பிடிக்கணும். மூணாவது வாரம் வந்தா பிரட்டும் சட்னியும்தான்.
>
> (கே. 4) அக்கா கோவிச்சுக்கல. வந்து பாருன்னாங்க. சனிக்கிழமை போனேன். பின்னாடி ஒரு அலமாரி. அதுல பச்சை பெயிண்ட் அடிச்ச பாட் ஆறு. புரட்டாசிக்கு மட்டும்தான் வெளிய வருமாம். கரண்டிகூட தனி. என் மாமியார் அப்படித்தான் வெச்சிருப்பாங்க.
>
> (கே. 5) செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தா சுகர் பீன்ஸ் கறி, கீரை, ரசம். பன்னிரண்டரைக்கும் சூடு இருந்துச்சு.
>
> (கே. 6) வெள்ளிக்கிழமை கொஞ்சம் லேட்டாகும். அத முன்னாடியே மெசேஜ் போட்டுச் சொல்லிடுவாங்க.
>
> (கே. 7) தங்கச்சி கேட்டா? நீயே போய் அலமாரிய பாத்துட்டு வான்னு சொல்வேன்.

ஏறக்குறைய தொண்ணூறு சொல். நிதானப் பேச்சில் இடைவெளிகளோடு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். முதல் வரியில் பெயர், அறிமுகம், வணக்கம் எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள். சந்தேகமே முதலில் வருகிறது, ஏனென்றால் பார்க்கிறவர் மனதிலும் அதுதான் ஓடுகிறது. அவர் யார் என்பது இரண்டாவது வரியில் வந்தால் போதும். "அலமாரி, பாட், கரண்டி" என்னும் வரிகள் ஓடும்போது அவர் முகத்தை விட்டு, உண்மையான அந்த அலமாரியின் படத்தை மேலே வையுங்கள். ஒரு வாக்கியத்தையும் அடுத்ததையும் ஒட்டிய வெட்டு அதற்கடியில் மறைந்துவிடும். அந்தப் படங்களைக் கடைக்காரர் வீட்டில் தனியாக, பத்து நொடித் துண்டுகளாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வரும். "இவங்கதான் டர்பன்லயே பெஸ்ட்னு சொல்ல முடியாது" என்பதை "பெஸ்ட்" என்ற இடத்தில் வெட்டினால் பொருள் தலைகீழாகிவிடும். அது மோசடி, அவர் ஒப்புதல் கொடுத்திருந்தாலும். வினைச்சொல் முடிந்து மூச்சு விடும் இடத்தில்தான் கத்தரி விழ வேண்டும். காட்சிக்கும் அதுவே நல்லது, பாதியில் வெட்டிய வாக்கியத்தின் குரல் தொங்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, உடல்நலம் பற்றிய வரிகள். "இந்தச் சாப்பாட்டுல எனக்குச் சுகர் இறங்கிடுச்சு" என்று ஆன்ட்டி உண்மையாகவே சொல்லியிருக்கலாம். போடாதீர்கள். சொன்னது வாடிக்கையாளர் என்றாலும் வெளியிட்டது நீங்கள். நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

## 8. எழுத்தும் அளவும்

பலர் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார்கள், ஆகவே சப்டைட்டில் கட்டாயம். பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். "வெச்சிருப்பாங்க" என்று அவர் சொல்ல, கீழே "வைத்திருப்பார்கள்" என்று ஓடினால் இரண்டும் சண்டைபோடும். இளையவர்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் வேண்டுமென்றால் அதையும் பேச்சு நடையிலேயே வையுங்கள், இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் திரையில் போடாதீர்கள்.

செங்குத்துத் திரையில் தமிழ் எழுத்து இடத்தை அடைக்கும். ஒரு நேரத்தில் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். சில எடிட்டிங் செயலிகளில் சில எழுத்துருக்களோடு தமிழ் உடைந்து விழும். வேலையைத் தொடங்கும் முன் "கொ, கௌ, ஸ்ரீ" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு தனியாக விழுந்தால் வேறு எழுத்துரு. பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கலில் ஒலியே அணைக்கப்படும். உண்மையில் இந்த மாதிரிப் பேச்சுக்கு இசையே தேவையில்லை.

1080 × 1920 அளவில் சேமியுங்கள். எடிட் செய்தவர் உங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கும், டாகுமெண்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

## 9. போடும் முன்னும் பின்னும்

முடிந்த வீடியோவை ஆன்ட்டிக்கு அனுப்பி ஒரு முழு நாள் கொடுங்கள். "இந்த வரி வேணாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் எடுக்கச் சொல்ல வாய்ப்புள்ள வரி மாமியார் வரி. போனால் போகட்டும், அலமாரி இருக்கிறது. அவர் "சரி, போடுங்க" என்று எழுதியதைப் படம்பிடித்து ஒப்புதல் தாளோடு சேர்த்து வையுங்கள்.

போன் அழைப்பிலிருந்து இந்த நாள் வரை ஒரு வாரம் பிடிக்கும், அதில் உண்மையான வேலை ஏழெட்டு மணி நேரம். முழுப் பதிவையும் அழித்துவிடாமல் ஒப்புதல் காலம் முடியும்வரை வைத்திருங்கள். வெட்டிய வரியைப் பற்றி யாராவது கேட்டால் முழுப் பேச்சையும் காட்ட முடியும்.

எங்கெங்கே போட்டீர்கள் என்பதைத் தேதியோடு ஒரே தாளில் எழுதிவாருங்கள். ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆன்ட்டி ஒரு நாள் சொன்னால், அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டியிருக்கும். பிறர் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்தது மட்டும் உங்கள் கைக்கு வராது. அதைக் கையெழுத்து வாங்கும் நாளிலேயே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.